சர்ஜ் ப்ரொடெக்டர் சிவப்பானால்: மின்னலா, நியூட்ரலா, எர்த்தா? கொழும்பு வீடுகளுக்கான கேள்வி பதில்

டிபி பெட்டிக்குள் இருக்கும் சர்ஜ் ப்ரொடெக்டரில் பச்சை போய் சிவப்பு வந்துவிட்டது. ஆனால் வீட்டில் கரண்ட் வழமைபோல இருக்கிறது. இது அவசரமா?

பாதுகாப்பு போய்விட்டது, மின்சாரம் போகவில்லை. இடி போன்றவற்றால் கம்பியில் கணநேரம் எகிறும் வோல்டேஜைத்தான் சர்ஜ் என்கிறோம். அதைத் தடுக்கும் இந்தச் சாதனம் கரண்ட் வரும் பாதையின் நடுவில் நிற்பதில்லை. பேஸிலிருந்து ஒரு கிளை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இணைத்திருப்பார்கள். அதனால் அது செத்தாலும் மின்விசிறி சுற்றும், பிரிட்ஜ் ஓடும். அடுத்த இடிக்கு உங்கள் ரிவியும் ரவுட்டரும் கவசம் இல்லாமல் நிற்கும், அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்தால் மீதிக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். அங்கே இருப்பது துத்தநாக ஒக்சைட்டால் செய்த ஒரு தட்டு, வரிஸ்டர் என்பார்கள். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்டக் கரண்டே கடத்தாது. வோல்டேஜ் ஒரு எல்லையைத் தாண்டினால் உடனே கடத்தத் தொடங்கி, எகிறி வந்ததைத் தன் வழியாக விட்டுவிடும். அந்தத் தட்டின் ஒரு கால், குறைந்த சூட்டில் உருகும் ஈயப்பற்றால் ஒட்டப்பட்டிருக்கும். அதை ஒரு ஸ்ப்ரிங் எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும். தட்டு அளவுக்கு மீறிச் சூடானால் பற்று உருகும், ஸ்ப்ரிங் காலைப் பிய்த்துவிடும், ஜன்னலில் சிவப்பு தெரியும்.

ஆக, சிவப்பு சொல்வது ஒன்றைத்தான்: இந்தத் தட்டு சூடாகிக் கழன்றுவிட்டது. திரும்பப் பச்சையாக்க வழியில்லை. பெரும்பாலானவற்றில் காட்ரிஜை மட்டும் இழுத்து எடுத்து, அதே தயாரிப்பின் அதே அளவு காட்ரிஜைச் செருகலாம். ஆனால் ஏன் சூடானது என்று பார்க்காமல் மாற்றினால், புதியதும் அதே வழியில் போகக்கூடும். ஜன்னல் சிவப்பாவதோடு கருகல் மணம், உருகிய பிளாஸ்டிக் ஏதாவது தெரிந்தால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சிவப்பாகிவிட்டதென்றால் நிறைய சர்ஜை வாங்கி எங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கடையில் அப்படித்தான் சொல்வார்கள். சில நேரம் உண்மை, பல நேரம் இல்லை.

தட்டு சூடாவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. முதலாவது மூப்பு. ஒவ்வொரு பெரிய சர்ஜும் தட்டுக்குள் கொஞ்சம் சேதம் விட்டுச் செல்லும். சேதம் கூடக்கூட, சாதாரண 230 வோல்ட்டிலேயே மெல்லிய கசிவு தொடங்கும்; கசிவால் சூடு, சூட்டால் மேலும் கசிவு. வருடக்கணக்கில் நடந்து, ஒரு நாள் பற்று உருகும். இது நீங்கள் நினைக்கிற மரியாதையான மரணம்.

இரண்டாவது பாதைதான் கொழும்பு வீடுகளில் கவனிக்க வேண்டியது. மின்னலே இல்லாமல், வீட்டுக்கு வரும் 230 வோல்ட் சில நொடிகளோ நிமிடங்களோ 300, 350 என்று ஏறி நின்றால் தட்டு வெந்துவிடும். கணக்கைப் பாருங்கள். தெருக் கம்பி வழியாக வரும் 1000 அம்பியர் சர்ஜ் ஒன்று பயங்கரமாகத் தோன்றும். ஆனால் அது நிற்பது ஒரு நொடியின் இலட்சத்தில் சில பங்கு நேரம். தட்டு விழுங்குவது 20 ஜூல் அளவுதான். பெரிய தட்டுக்கு அது ஒன்றுமில்லை. அதே தட்டில் 350 வோல்ட் நின்றால், ஒவ்வொரு அரை அலையின் உச்சியிலும், அதாவது நொடிக்கு 100 தடவை, கடத்திக்கொண்டே இருக்கும். நூறு வாட் சூடு என்று வைத்தாலும் ஒரே நொடியில் 100 ஜூல், பத்து நொடியில் 1000. 20 மில்லிமீட்டர் வரிஸ்டர் ஒன்று தொடர்ச்சியாகத் தாங்கக்கூடிய சூடு ஒரு வாட் அளவுதான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு என்று விளங்கும்.

இந்தச் சாதனம் செய்யப்பட்டது இடியின் கணநேர அடிக்கு. நீடித்து நிற்கும் உயர் வோல்டேஜைக் குறைக்க அதனால் முடியாது. முயன்றால் தானே எரியும்.

நேற்று மாலை பெரிய இடி, இன்று காலை பார்த்தால் சிவப்பு. மின்னல் என்று சந்தேகமில்லாமல் சொல்லலாமா?

சொல்ல முடியாது. கொழும்பில் மார்ச்-ஏப்ரலிலும் அக்டோபர்-நவம்பரிலும் பின்னேரம் இடி வராத வாரம் குறைவு. அந்த மாதங்களில் சிவப்பை எந்த நாளில் கவனித்தாலும் அதற்குச் சில நாள் முன் இடி இருந்திருக்கும். பெட்டியைத் திறந்து பார்ப்பதும் எப்போதாவதுதான்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு மூன்று பேஸ் வீடு. அங்கே நான் பார்த்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எல்லா அடையாளங்களும் இருந்தன. மூன்று பேஸுக்கும் ஒவ்வொரு காட்ரிஜ், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் நான்காவது. மூன்றில் இரண்டு சிவப்பு. முதலாம் பேஸும் நான்காவதும் பச்சை. வீட்டுக்கார அக்கா மின்னல் என்றே உறுதியாக நம்பினார்.

முதல் சந்தேகம் அங்கேயே வந்தது. மின்னல் பெரும்பாலும் எல்லாக் கம்பிகளிலும் ஒன்றாகத்தான் ஏறும். இரண்டு காட்ரிஜை மட்டும் பொறுக்கி எடுத்து, எர்த் பக்கக் காட்ரிஜைத் தொடாமல் விடுவது அதன் பழக்கமல்ல. “வேறு என்ன பழுதாயிற்று, அக்கா?” என்று கேட்டேன். மேல்மாடியில் சில எல்ஈடி பல்புகள், ஒரு போன் சார்ஜர், ரிவி பெட்டி. எல்லாம் அந்த இரண்டு பேஸில். முதலாம் பேஸில் எதுவும் எரியவில்லை. ஆனால் “ஹீட்டர் போட்டும் தண்ணி சுடவே இல்லை, குளியலறை பல்பும் மங்கிப்போச்சு” என்றார். ஒரு பக்கம் எரிகிறது, மறு பக்கம் மங்குகிறது. மின்னல் எந்தப் பல்பையும் மங்கலாக்காது.

பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஹீட்டர் நிறுத்தியிருந்தபோது மூன்று பேஸிலும் 232 வோல்ட், அச்சு மாறாமல். முதலாம் பேஸிலுள்ள 5 கிலோவாட் ஹீட்டரைப் போட்டதும் அந்தப் பேஸ் 212க்கு இறங்கியது, மற்ற இரண்டும் 242, 243க்கு ஏறின. கம்பி நீளத்தாலோ ட்ரான்ஸ்போமர் சிறியதாக இருப்பதாலோ பேஸ் ஒன்று இறங்கலாம். ஆனால் ஒன்று இறங்கும்போது மற்றவை இவ்வளவு ஏறினால் அது நியூட்ரல் கோளாறுதான். வேறு காரணம் தேடத் தேவையில்லை.

மெயின் சுவிட்சின் நியூட்ரல் இணைப்பில் திருகு தளர்ந்து, சுற்றியுள்ள பேக்லைட் கறுத்திருந்தது. 20 அம்பியர் ஓடும்போது அந்த ஒரு இடத்தில் 20 வோல்ட் இழந்தால் அங்கே 400 வாட் சூடு. அயன்பெட்டி ஒன்றைக் குறைந்த சூட்டில் வைத்து பெட்டிக்குள் பூட்டியது மாதிரி. அந்தத் திருகு நல்ல நாளில் ஒரு ஓம், கெட்ட நாளில் முழுதாகத் திறந்துவிடும்.

முழுதாகத் திறந்த நேரத்தில் என்ன நடந்திருக்கும்? நியூட்ரல் போனால், மூன்று பேஸிலுள்ள சாமான்களும் நடுப் புள்ளி மிதக்கும் ஒரு நட்சத்திரமாக இணைந்துவிடும். நடுப் புள்ளி, பாரம் கூடிய பேஸின் பக்கம் இழுபடும். முதலாம் பேஸில் 5000 வாட், மற்ற இரண்டிலும் 500 வாட் வீதம் என்று எடுத்தால் பங்கு 10:1:1. நடுப் புள்ளி முதலாம் பேஸை நோக்கி நகரும் அளவு:

```
(10 − 0.5 − 0.5) / 12 = 0.75
```

ஆகவே முதலாம் பேஸ் சாமான்களுக்கு 230இன் கால் பங்கு, ஏறத்தாழ 57 வோல்ட். மற்ற இரண்டுக்கும் ஏறத்தாழ 350 வோல்ட். தண்ணீர் சுடாததும், மேல்மாடி பல்புகள் எரிந்ததும், இரண்டு காட்ரிஜ் சிவப்பானதும் ஒரே விடயத்தின் மூன்று முகங்கள். அந்தக் காட்ரிஜ்கள் 275 வோல்ட் வகை. அப்படிப்பட்ட தட்டு கடத்தத் தொடங்குவது 430 வோல்ட் உச்சியில். 350 வோல்ட்டின் உச்சி 495. தப்பிக்க வழியே இல்லை.

திருகையும் கருகிய கம்பி நுனியையும் மாற்றியபின் ஹீட்டர் போட்டாலும் மூன்று பேஸும் ஒன்றுக்கொன்று சில வோல்ட்டுக்குள் நின்றன. அதற்குப் பிறகே புதிய காட்ரிஜ் போட்டோம்.

எங்கள் வீடு சிங்கிள் பேஸ். அப்படியென்றால் இந்த நியூட்ரல் கதை எங்களுக்கு இல்லைதானே?

உங்கள் வீட்டுக்குள் நியூட்ரல் கழன்றால் வெறும் இருட்டுதான், சாமான்களுக்கு ஆபத்து குறைவு. ஆனால் தெருக் கம்பத்தில் உள்ள நியூட்ரல் உங்களுக்கும் அயலவருக்கும் பொது. அது கம்பத்தில் அறுந்தால் முழு ஒழுங்கையுமே மேலே சொன்ன நட்சத்திரமாகிவிடும். நீங்கள் எந்தப் பேஸில் இருக்கிறீர்கள், அந்த நேரம் யார் வீட்டில் ஏசி ஓடுகிறது என்பதே உங்கள் வோல்டேஜைத் தீர்மானிக்கும். ஒரே மாலையில் மூன்று வீட்டில் பிரிட்ஜ் போய், நடுவிலுள்ள இரண்டு வீட்டுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் இதைத்தான் நினைக்க வேண்டும். அயலில் கேட்டுப் பாருங்கள். மீட்டர் இல்லாதவர்களுக்கும் கிடைக்கிற மிக நல்ல சாட்சி அது.

பல்புகள் வழமைக்கு மாறாகப் பிரகாசமாக எரிந்தால் அதிசயித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் மெயின் சுவிட்சை இறக்குங்கள். பிறகு மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கோ, லெக்கோ பகுதியென்றால் 1910க்கோ அழைத்து, “கரண்ட் கூடிக் குறையுது, நியூட்ரல் அறுந்திருக்கலாம்” என்று அப்படியே சொல்லுங்கள். “கரண்ட் பிரச்சினை” என்று மட்டும் சொன்னால் சாதாரண முறைப்பாடுகளோடு வரிசையில் நிற்கும்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சில் நியூட்ரல் தொடுப்பு கடைசியாகப் பிரிந்து முதலில் சேர வேண்டும். தேய்ந்த சுவிட்சில் அது தலைகீழாக நடந்தால், ஒவ்வொரு மின்வெட்டிலும் ஒரு கணம் நியூட்ரல் இல்லாமல் போகும். கரண்ட் போய் வரும் நாட்களில் மட்டும் பல வீடுகளில் காட்ரிஜ்கள் சிவப்பானால், பராமரிப்பு அலுவலகத்தில் போய் அந்தச் சுவிட்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவப்பானால் எர்த் சரியில்லை, புது எர்த் அடிக்க வேண்டும் என்று வேலை செய்ய வந்த தம்பி சொல்கிறார். சரியா?

எர்த் கெட்டிருக்கலாம், ஆனால் சிவப்பு அதற்குச் சாட்சியல்ல.

இங்கே மின் விநியோகத்தவர் தருவது பேஸும் நியூட்ரலும். எர்த் உங்கள் காணியில் நீங்கள் புதைத்த ராட். இப்படிப்பட்ட வீட்டுக்குப் பொருத்தமான சர்ஜ் ப்ரொடெக்டரில் வரிஸ்டர் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் இருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வாயு நிரப்பிய ஒரு குழாய் இருக்கும். குழாய் சாதாரண நேரத்தில் முழுத் திறப்பு, எர்த்துக்கு ஒரு மில்லி அம்பியர்கூட விடாது. வரிஸ்டர் வெந்தது பேஸ்-நியூட்ரல் பாதையில். உங்கள் ராட் 5 ஓமாக இருந்தாலும் 500 ஓமாக இருந்தாலும் அது அப்படியே வெந்திருக்கும்.

கெட்ட எர்த்தின் அடையாளம் பெரும்பாலும் இதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது: ப்ரொடெக்டர் எப்போதும் பச்சை, ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ரவுட்டரோ டிஷ் பெட்டியோ சிசிடிவியோ சாகிறது. மின்னலில் பேஸும் நியூட்ரலும் பெரும்பாலும் சேர்ந்தே உயரும். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் வரிஸ்டருக்கு வேலை இல்லை. அந்த உயர்வு எர்த் வழியாக இறங்க வேண்டும். எர்த் அறுந்திருந்தால் அது ரவுட்டருக்குள் புகுந்து தொலைபேசிக் கம்பி வழியாகவோ டிஷ் கேபிள் வழியாகவோ வெளியேறும். ப்ரொடெக்டர் ஒன்றும் விழுங்காததால் நல்ல உடம்போடு பச்சையாகவே இருக்கும்.

பவர் ஸ்ட்ரிப்பில் ‘எர்த்’ என்று ஒரு லைட் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. எர்த் இருக்கிறது என்றுதானே பொருள்?

எர்த் கம்பி எங்கேயோ மண்ணைத் தொடுகிறது என்று பொருள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்தச் சிறு லைட் எரிய ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவான கரண்ட் போதும். ராட் 2000 ஓம் என்றாலும் அதில் இழப்பது 2 வோல்ட். லைட் கொஞ்சமும் மங்காது. லைட் எரியாவிட்டால் எர்த் இல்லை என்று நம்பலாம் (அல்லது லைட்டே செத்திருக்கலாம்). எரிந்தால் எதையும் நம்ப வேண்டாம்.

பழைய வட்ட முனை சொக்கட்டில் இரண்டு முனை அடப்டர் வைத்து ஸ்ட்ரிப்பைச் செருகியிருந்தால் எர்த் முனையே இணைந்திருக்காது. அந்த ஸ்ட்ரிப் அரைப் பாதுகாப்புதான் தரும்.

சிவப்பாவதற்குச் சில வாரம் முன்பிருந்தே ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். அப்படியானால் உங்கள் ப்ரொடெக்டர் பொருத்தமில்லாத வகை, அல்லது ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் தவறாக இணைத்திருக்கிறார்கள்.

சில மலிவு வகைகளில் பேஸிலிருந்து எர்த்துக்கு நேராகவே வரிஸ்டர் இருக்கும், வாயுக் குழாய் கிடையாது. மூப்படைந்த வரிஸ்டர் கசியும் என்றேனே, அந்தக் கசிவு இப்போது எர்த்துக்குப் போகிறது. ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் வகை என்றால், அந்த அளவை எட்டும் முன்பே விழத் தொடங்கும். மழை ஈரம், பழைய பிரிட்ஜ், ஹீட்டர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு ஒன்றும் கிடைக்காது. ஒருநாள் வரிஸ்டர் கழன்று சிவப்பானதும் ட்ரிப் விழுவது நின்றுவிடும். வீட்டுக்காரர் தானாகச் சரியாகிவிட்டது என்று மகிழ்வார்.

அதைவிட மோசமானது, இதே வகையை ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால் போடுவது. வரிஸ்டர் பழுதாகி பேஸை எர்த்தோடு நேராக இணைத்துவிட்டால், ராட் 100 ஓம் என்று வைத்தால், ஓடுவது 2.3 அம்பியர் மட்டுமே. எந்த எம்சிபியும் விழாது. ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால் என்பதால் அதுவும் காணாது. பிரிட்ஜின் உலோக உடம்பு உட்பட எர்த் கம்பி தொட்ட எல்லாவற்றிலும் கரண்ட் ஏறி நிற்கும். சுயமாகக் கழலும் ஏற்பாடு வேலை செய்யும்வரை தப்பலாம், அதை மட்டும் நம்பி வீட்டில் ஆள் இருக்கக் கூடாது. ராட் எர்த் உள்ள வீட்டுக்கு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வாயுக் குழாய் உள்ள வகை, ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால், தனக்கென்று ஒரு எம்சிபியோ பியூஸோடு. இதில் பேரம் பேசாதீர்கள்.

அப்போ எர்த்தை எப்படிச் சோதிப்பது? எத்தனை ஓம் வந்தால் நல்லது?

இரண்டு வேலைக்கு இரண்டு அளவு. ஆள் உயிரைக் காக்கும் ட்ரிப் சுவிட்சுக்கு எர்த் அவ்வளவு சிறப்பாக இருக்கத் தேவையில்லை. 30 மில்லி அம்பியர் கணக்குப்படி 1600 ஓமுக்கு மேல் போகாவிட்டால் தொடு வோல்டேஜ் 50ஐத் தாண்டாது. ஆனால் 200 ஓமுக்கு மேல் இருந்தால் வறட்சியில் நிலைக்காது என்று பிரிட்டிஷ் வயரிங் விதிகளான பிஎஸ் 7671 எச்சரிக்கிறது. பலர் கேட்கும் 10 ஓம் மின்னல் பாதுகாப்பு வேலையிலிருந்து வந்த இலக்கு.

மண்தான் இதைத் தீர்மானிக்கும். மண்ணின் தடை 300 ஓம்-மீட்டர் என்று எடுத்தால், 1.2 மீட்டர் ராட் ஒன்று தருவது 225 ஓம் அளவு. அதையே 2.4 மீட்டராக நீட்டினால் 125. கடற்கரைப் பக்கத்தின் காய்ந்த மேல்மணலும் கபுக் கல்லும் கடினமான இடங்கள். ஆழத்திலுள்ள ஈரத்தைத் தொடும்வரை ராட் பேசாது. அதனால் பக்கத்தில் இன்னொரு குட்டையான ராட் அடிப்பதைவிட இருக்கிறதையே ஆழமாக்குவது நல்லது. கரியும் உப்பும் போடுவது சில மழைக்குத்தான். உப்பு ராட்டையும் தின்னும்.

அளப்பதற்கு மூன்று முனை எர்த் டெஸ்டர் வேண்டும்: வீட்டு ராட்டிலிருந்து கம்பியைக் கழற்றி, இரண்டு துணை முனைகளைத் தூரத்தில் மண்ணில் குத்தி அளப்பார்கள். கழற்றும்போது மெயின் சுவிட்ச் இறங்கியிருக்க வேண்டும். சிமெந்து போட்ட முற்றத்தில் குத்த இடமில்லையென்றால், நல்ல எலக்ட்ரீஷியன் லூப் டெஸ்டரால் பேஸ்-எர்த் சுற்றை அளந்து சொல்வார். கொழும்பின் சிறு காணிகளில் அதுதான் நடைமுறை. மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டுகிறது என்பது மேலே சொன்ன சிறு லைட்டைப் போன்றதே.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 10 ஓம் எர்த்திலும் 1000 அம்பியர் இறங்கினால் 10,000 வோல்ட் எழும். எந்த ராட்டாலும் வீட்டை மின்னலில் பூச்சியத்தில் நிறுத்த முடியாது. முடிவது, வீட்டிலுள்ள எல்லாம் சேர்ந்து ஒரே அளவில் ஏறி இறங்கச் செய்வது. டிஷ் கம்பம், சிசிடிவி கேபிள், உலோகத் தண்ணீர்க் குழாய் எல்லாம் டிபியின் அதே எர்த் பட்டைக்கு வர வேண்டும். டிஷ்ஷுக்கென்று மொட்டைமாடியிலிருந்து தனியாக ஒரு ராட் அடித்து வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுவது இங்கே சாதாரணமாகப் பார்க்கிற தவறு. இடி விழும்போது இரண்டு ராட்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் முழுவதும் ரிவிக்குள் வந்து நிற்கும்.

ப்ரொடெக்டர் பச்சைதான், எர்த்தும் அளந்து 40 ஓம் வந்தது. அப்படியும் போன மாதம் ரிவி போர்ட் போய்விட்டது. எப்படி?

ப்ரொடெக்டருக்குப் போகும் கம்பியின் நீளத்தைப் பாருங்கள். வேகமாக ஏறும் கரண்டுக்கு கம்பியே தடை. 5000 அம்பியர் சர்ஜில் ஒவ்வொரு மீட்டர் கம்பியும் 600 வோல்ட்டுக்கு மேல் கூட்டிவிடும். சர்ஜை வெட்டி நிறுத்தும் அளவு 1.5 கிலோவோல்ட் என்று காட்ரிஜில் எழுதியிருந்தாலும், பெட்டிக்குள் அழகாக வளைத்து வளைத்து 2 மீட்டர் விட்டிருந்தால் ரிவி காண்பது 2.7 கிலோவோல்ட். சாதாரண வீட்டுச் சாமான்கள் தாங்கக் கட்டியிருப்பது 2.5. பேஸிலிருந்து ப்ரொடெக்டருக்கும், அங்கிருந்து எர்த் பட்டைக்கும் சேர்த்து அரை மீட்டருக்குள் அடக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் பெரிய சோலார் போட்டிருக்கிறார்கள். அதனால் சிவப்பாகுமா?

பொதுவாக இல்லை. வெயில் நாளில், ஞாயிறு மத்தியானம் போல பாரம் குறைந்த நேரத்தில் ஒழுங்கையின் வோல்டேஜ் 250ஐத் தொடலாம். இது 230க்கு 6 வீதம் என்ற எல்லைக்கு, அதாவது 244க்கு மேல்தான். முறையிட வேண்டிய விடயம். ஆனால் 275 வோல்ட் தட்டு அதில் வேகாது. ஏற்கெனவே மூப்படைந்த தட்டை அது கொஞ்சம் விரைவாகத் தள்ளிவிடலாம்.

புது காட்ரிஜ் வாங்கும்போது 275 நல்லதா, 320 நல்லதா? விலை ஒன்றுதான்.

காட்ரிஜின் முகத்தில் Uc என்று எழுதியிருப்பது அது எப்போதும் தாங்கும் வோல்டேஜ். 275 வகை சர்ஜைக் கொஞ்சம் தாழ்வாக வெட்டும். 320 வகை கொஞ்சம் உயரத்தில் வெட்டும், ஆனால் அதன் தட்டு கடத்தத் தொடங்குவது 510 வோல்ட் உச்சியில். மேலே கணக்கிட்ட 350 வோல்ட் நேரத்தில் அது அநேகமாகப் பிழைத்திருக்கும். மேல்நிலைக் கம்பிகளால் வரும் நம்முடைய விநியோகத்துக்கு நான் 320ஐத்தான் எடுப்பேன்.

ஆனால் இதைத் தவறாக விளங்கக் கூடாது. 350 வோல்ட்டில் காட்ரிஜ் பிழைத்தாலும் உங்கள் ரிவி அந்த 350ஐ அப்படியே வாங்கும். அதிலிருந்து காக்க, வோல்டேஜ் கூடினால் சுற்றைத் துண்டிக்கும் ரிலே ஒன்று வேண்டும். டிபி தண்டவாளத்தில் பொருத்தும் வகை கிடைக்கிறது. நியூட்ரல் அறுந்த அனுபவம் உள்ள ஒழுங்கையில் முதலில் ரிலே, பிறகு ப்ரொடெக்டர் என்பது என் வரிசை.

மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதே பேஸ் மறுபடியும் சிவப்பு. காட்ரிஜ் தரமில்லையா?

போலிகள் சந்தையில் உண்டு. எடை குறைவாக, உள்ளே சின்னத் தட்டோடு. ஆனால் அதே பேஸ் திரும்பப் போனால் விநியோகத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

வோல்டேஜ் பதிவு செய்யும் கருவி ஒன்றை ஒரு வாரம் விடுங்கள். வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கும் ரிலேக்களில் சில, கடைசியாகக் கண்ட உச்ச வோல்டேஜை நினைவில் வைத்துக் காட்டும், அதுவும் போதும். மாலை ஏழு மணிக்கு ஒரு பேஸ் இறங்க இன்னொன்று ஏறினால் நியூட்ரல். மூன்றும் சேர்ந்து ஏறினால் ட்ரான்ஸ்போமர் பக்கம் அல்லது சோலார். ஏதும் ஏறாமல், இடி நாட்களில் மட்டும் போனால் அது உண்மையான சர்ஜ். அப்போது எர்த் கம்பியில் ஒரு சர்ஜ் கவுண்டர் மாட்டினால் எத்தனை தடவை இறங்கியது என்று அது எண்ணிச் சொல்லும். அந்த எண்ணிக்கையைச் சொல்ல வேண்டியது கவுண்டர்தான், சிவப்பு ஜன்னல் அல்ல.

நியூட்ரல் என்று தெரிந்தால் வீட்டுப் பக்கத்தை எலக்ட்ரீஷியன் இறுக்கிப் பார்க்கட்டும். மீட்டருக்கு முன்னால், சீல் வைத்த பக்கத்தை அவரும் தொடக் கூடாது. முறைப்பாடு கொடுக்கும்போது ஹீட்டர் நிறுத்தியபோது எத்தனை வோல்ட், போட்டபோது மூன்று பேஸிலும் எத்தனை வோல்ட் என்று அளவுகளைத் தேதி நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். வருகிற ஆள் கம்பத்தில் ஏறுவதற்கு முன் எங்கே பார்க்க வேண்டும் என்று அந்தத் துண்டிலேயே கண்டுகொள்வார்.